நீண்ட டயட்டில் உண்மையில் எத்தனை கலோரி குறைகிறது?

ஆறேழு மாதம் விடாமல் டயட் இருந்தவர்கள் பெரும்பாலும் ஒரு கட்டத்தில் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன்: "அதே சாப்பாடு, அதே நடை. எடை மட்டும் அசையவே மாட்டேன் என்கிறது. மெட்டபாலிசம் படுத்துவிட்டது." எதிரில் இருப்பவர் "திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறீர்கள்" என்பார், அல்லது "பட்டினி கிடந்தால் உடம்பு கொழுப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்" என்பார். இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். உடல் செலவழிக்கும் கலோரி டயட்டில் குறைவது உண்மை. எவ்வளவு குறைகிறது, எந்தக் கணக்கில் குறைகிறது, எது திரும்பி வரும் என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுக்க முடியும். சமையலறைத் தராசும் நோட்டும் வைத்து ஏற்கெனவே ஒரு சுற்று எடை குறைத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். டீயை ஆற்றிக்கொள்ளுங்கள், நிதானமாகக் கணக்குப் போடலாம்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 40, உயரம் 172 செ.மீ., எடை 92 கிலோ, நாற்காலியில் உட்கார்ந்து செய்யும் வேலை, மாலையில் நடை. அசையாமல் படுத்திருந்தாலே அவர் உடலுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வேண்டும்? இதற்கு மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரம் இருக்கிறது. ஆண்களுக்கு அது இப்படி:

```
10 × எடை(கிலோ) + 6.25 × உயரம்(செ.மீ.) − 5 × வயது + 5
```

இவருக்கு 1,800 வருகிறது. இதை ஓய்வுச் செலவு என்று வைத்துக்கொள்வோம். சாப்பிட்டதைச் செரிக்கவே, சாப்பிட்டதில் பத்தில் ஒரு பங்கு போகும். இவர் 2,700 கலோரி சாப்பிட்டு எடை மாறாமல் இருக்கிறார் என்றால் அது 270. மீதி 630 நடை, மாடிப்படி, நிற்பது, உட்காருவது, கால் ஆட்டுவது என்று எல்லா அசைவுக்கும் சேர்த்து.

இவர் தினம் 1,900 கலோரி என்று ஆரம்பிக்கிறார். ஏறக்குறைய ஏழு மாதத்தில் 14 கிலோ குறைந்து 78 கிலோவுக்கு வருகிறார். உடல் எந்தத் தந்திரமும் செய்யவில்லை என்றே வைத்துக்கொண்டு, வெறும் கணக்குப்படி இப்போது செலவு எவ்வளவு என்று பார்ப்போம். சூத்திரத்தில் 78 போட்டால் ஓய்வுச் செலவு 1,660. அதாவது 140 குறைவு. சாப்பாடு குறைந்ததால் செரிமானச் செலவு 190. அதில் 80 குறைவு. அசைவுக்கான செலவு, தூக்கிச் சுமக்கும் எடையோடு ஏறி இறங்குவது. 14 கிலோ அரிசியை இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தவர் அதை இறக்கி வைத்துவிட்டார், ஆகவே அதே நடைக்கு 630-க்குப் பதில் 535 போதும், 95 குறைவு. மூன்றையும் கூட்டினால் 315 கலோரி.

இந்த 315-இல் மர்மம் எதுவும் இல்லை. சின்ன உடம்புக்குச் சின்னச் செலவு, அவ்வளவுதான். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்தபோது கெவின் ஹால் உருவாக்கிய கணித மாதிரியும் கிட்டத்தட்ட இதே இடத்துக்குத்தான் வருகிறது: குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாள் செலவில் சுமார் 22 கலோரி போகும். 14 கிலோவுக்கு 308. எடை குறைத்தவர் பழைய 2,700-க்கே திரும்பினால் பழைய எடைக்கே திரும்புவார் என்பதற்கு இது ஒன்றே போதும். "மெட்டபாலிசம் கெட்டுவிட்டது" என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இந்தச் சாதாரணக் கழித்தல்தான்.

இதற்கும் மேலே ஒரு குறைவு உண்டா என்பதுதான் உண்மையான கேள்வி. கணக்கு 1,660 என்கிறது. கருவியில் அளந்தால் அதைவிடக் குறைவாக வருகிறது. இந்த இடைவெளியைத்தான் வளர்சிதைத் தகவமைப்பு என்கிறார்கள். உண்மையில் கண்ணில் படாமல் நடப்பது இதுதான், இதன் அளவைப் பற்றித்தான் இத்தனை குழப்பமும்.

எல்லை எதுவென்று தெரிய முதலில் மின்னசோட்டாவுக்குப் போக வேண்டும். 1944 நவம்பரில் அன்செல் கீஸ் தலைமையில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்கள் ஒரு சோதனைக்குத் தாமாக முன்வந்தார்கள். போருக்குப் போக மனசாட்சி இடம் தரவில்லை என்று மறுத்தவர்கள் அவர்கள். 24 வாரம் பாதி வயிற்றுச் சாப்பாடு, வாரம் 22 மைல் கட்டாய நடை. ஒல்லியாகவே இருந்தவர்கள் எடையில் கிட்டத்தட்ட கால்வாசியை இழந்தார்கள். அவர்களுடைய ஓய்வுச் செலவு ஏறத்தாழ 40 சதவீதம் விழுந்தது. கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் அந்த வீழ்ச்சியில் மூன்றில் இரண்டு பங்கு உடல் சுருங்கியதால் வந்தது. மிச்சம் ஒரு பங்கு, சுமார் 200 கலோரி, இருந்த திசுவே சிக்கனமாக எரிந்ததால் வந்தது. எலும்பும் தோலுமாகிப்போன, உடற்கொழுப்பு ஐந்து சதவீதத்தை ஒட்டி வந்த உடல்களில் இந்தக் கணக்கு. அந்த நிலைக்கு வரும்வரை அவர்கள் எடை இறங்கிக்கொண்டேதான் இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. பட்டினி கிடந்தால் எடை குறையாது என்பதற்குச் சான்றாக இந்தச் சோதனையை யாராவது காட்டினால், அவர் அதைப் படிக்கவில்லை.

நம்மைப் போன்றவர்களுக்குப் பொருந்தும் எண் இதைவிடச் சின்னது. கத்தியா மார்டின்ஸ் என்ற ஆய்வாளரும் குழுவும் 2020-இல் வெளியிட்ட ஒரு வேலை இதில் எனக்கு மிகவும் தெளிவாகப் படுகிறது. பருமனானவர்களை எட்டு வாரம் நாளுக்கு 1,000 கலோரி டயட்டில் வைத்தார்கள். சராசரியாக 14 கிலோ போனது. டயட் முடிந்த கையோடு ஓய்வுச் செலவை அளந்தபோது, கணக்கைவிட நாளுக்கு 90 கலோரி அளவுக்குக் குறைவு. பிறகு அவர்களை நான்கு வாரம், எடை ஏறவும் இறங்கவும் விடாமல் சாப்பிட வைத்து மறுபடி அளந்தார்கள். இப்போது அந்த இடைவெளி 40-க்கும் கீழே வந்துவிட்டது. எடை அதேதான், கொழுப்பு அதேதான். மாறியது, கலோரிப் பற்றாக்குறை நின்றுபோனது மட்டும்.

ஆகவே தகவமைப்பில் பெரும்பகுதி, நீங்கள் இளைத்துவிட்டீர்கள் என்பதற்கு உடல் காட்டும் பதில் அல்ல. இன்று போதுமான சாப்பாடு வரவில்லை என்பதற்குக் காட்டும் பதில். டயட் நடக்கும்போது அளந்து "இதுதான் இனி என் மெட்டபாலிசம்" என்று எழுதி வைப்பது தவறாகப் போவது இதனால்தான். சராசரி என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். ஆளுக்கு ஆள் விரிவு மிகப் பெரியது: ஒருவருக்கு 200 குறையும், பக்கத்தில் இருப்பவருக்கு ஒன்றும் குறையாது.

இதற்கு எதிராக எல்லோரும் காட்டுவது அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த 'தி பிக்கஸ்ட் லூசர்' போட்டியாளர்களை. 14 பேரை கெவின் ஹால் குழு பின்தொடர்ந்து 2016-இல் வெளியிட்டது. 30 வாரத்தில் சராசரி 58 கிலோ குறைத்தவர்கள். போட்டி முடிவில் தகவமைப்பு 275 கலோரி. ஆறு ஆண்டுகள் கழித்து, எடையில் பெரும்பகுதி திரும்பிய பிறகும், அது 500-ஐத் தொட்டு நின்றது. இந்த எண்தான் ஊரெல்லாம் சுற்றியது. ஆனால் அவர்கள் நாள்தோறும் பல மணி நேரக் கடும் உடற்பயிற்சி செய்தவர்கள். ஆறாண்டு கழித்தும் எடையை அதிகம் காத்துக்கொண்டவர்களிடம்தான் தகவமைப்பும் அதிகம் இருந்தது. அதாவது ஓய்வுச் செலவு விழுந்ததால் எடை ஏறியது என்ற கதை அந்த ஆய்வுக்குள்ளேயே நிற்கவில்லை. தொடர்ந்து நிறைய உடற்பயிற்சி செய்தால் உடல் அதை ஓய்வுச் செலவில் ஓரளவு ஈடுகட்டிக்கொள்கிறதோ என்று ஹாலே பின்னாளில் எழுதினார். 14 கிலோ குறைத்த அலுவலக ஊழியருக்கு இந்த 500 பொருந்தாது.

அந்தச் சின்ன இடைவெளி எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி உறுப்புகளிலிருந்து. மூளை, கல்லீரல், இதயம், சிறுநீரகம் நான்கும் சேர்ந்து உடல் எடையில் ஐந்தாறு சதவீதம்தான். ஓய்வுச் செலவில் பாதிக்கும் மேல் அவை எடுத்துக்கொள்கின்றன. கல்லீரல் கிலோவுக்கு நாளொன்றுக்கு 200 கலோரி அளவில் எரிக்கும். சாப்பாடு குறைந்தால் அதுவும் கொஞ்சம் சுருங்கும்; 150 கிராம் குறைந்தாலே 30 கலோரி போய்விடும், எந்தச் சூத்திரமும் அதைப் பார்க்காது. தசையோ ஓய்வில் கிலோவுக்கு 13 கலோரிதான். ஜிம்மில் சேர்ந்து இரண்டு கிலோ தசை ஏற்றினால் மெட்டபாலிசம் எகிறும் என்று நம்புபவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்: கிடைப்பது 26 கலோரி. தசையைக் காப்பதற்கு வேறு நல்ல காரணங்கள் நிறைய உண்டு, இது அதில் சேராது.

இன்னொரு பகுதி ஹார்மோன். கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் டயட்டில் விழுகிறது. கொழுப்பு குறைந்த அளவைவிட வேகமாகவே விழுகிறது. கூடவே தைராய்டின் டி3 சற்றே இறங்கும், பரிவு நரம்பு மண்டலத்தின் முறுக்கு தளரும். நாடி மெதுவாகும், கை கால் சில்லிடும், ஏசி அறையில் மற்றவர்களுக்கு முன் நீங்கள் சால்வை தேடுவீர்கள். பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனாலோ நின்றாலோ அது சாதாரணச் சிக்கனம் அல்ல. டயட்டை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டிய அடையாளம்.

ஓய்வுச் செலவைவிடப் பெரிய சேமிப்பு அசைவில் நடக்கிறது. பலர் பார்க்கத் தவறுவது இதைத்தான். நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் லெய்பெலும் மைக்கேல் ரோசன்பாமும் 1995-இல் காட்டியது: பத்து சதவீதம் எடை குறைத்து அதிலேயே நிலைநிறுத்தியவர்களிடம், மொத்தச் செலவு எதிர்பார்த்ததைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது, அதில் பெரும்பகுதி ஓய்வில்லாத நேரத்தில். பின்னர் இப்படி எடை குறைத்தவர்களை நிலைச் சைக்கிளில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். 10 வாட் என்ற மிக லேசான சுமையில் மிதிக்கும்போது தசை முன்பைவிட 20 சதவீதத்தை ஒட்டிய சிக்கனத்தோடு வேலை செய்தது. சுமையைக் கூட்டியதும் அந்த வித்தியாசம் மங்கிவிட்டது. 10 வாட் என்பது வீட்டுக்குள் நடப்பது, பாத்திரம் கழுவுவது, கடைக்குப் போய் வருவது போன்ற லேசான வேலை. நம் நாளின் பெரும்பாலான அசைவு அந்த அளவில்தான் இருக்கிறது.

தசை சிக்கனமாவது ஒன்று; நாமே குறைவாக அசைவது இன்னொன்று. யாரும் தீர்மானித்து அசைவைக் குறைப்பதில்லை. போன் பேசும்போது மாடியில் உலாவியவர் உட்கார்ந்து பேசுவார். தண்ணீர் எடுக்க எழுந்தவர் பிள்ளையைக் கூப்பிடுவார். ஜிம் நேரம் அப்படியே இருக்கும், ஆகவே "நடை குறையவில்லை" என்று மனதாரச் சொல்வார். போனில் அடிக்கணக்கைப் பார்த்தால் ஏழு மாதத்துக்கு முன் 9,000, இப்போது 6,000 என்று இருக்கும். 78 கிலோ ஆளுக்கு அந்த 3,000 அடி 80 முதல் 100 கலோரி.

நம் ஆளிடம் திரும்புவோம். அவர் ஓய்வுச் செலவில் தகவமைப்பு 70 என்று வைப்போம், 1,590. செரிமானம் 190. அசைவில் கணக்கைவிடக் கூடுதலாக 115 போனது என்று வைப்போம், 420. மொத்தம் 2,200. 2,700-இலிருந்து 500 குறைவு. அதில் 315 உடல் சின்னதானதாலும் சாப்பாடு குறைந்ததாலும், 185 உடலின் சிக்கனத்தால். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், ஆனால் விகிதம் பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் சாயும். 1,900 சாப்பிட்டும் செலவு 1,900-க்கே இறங்கிவிட்டது என்று சொல்ல, இவரிடம் சிக்கனம் 485 கலோரியாக இருந்தாக வேண்டும். அப்படிப்பட்டவர் அரிது.

அப்படியானால் எடை ஏன் நின்றது? பெரும்பாலும் நிற்கவில்லை. ஆரம்பத்தில் பற்றாக்குறை நாளுக்கு 800. வாரம் 700 கிராமுக்கு மேல் போனது. இப்போது பற்றாக்குறை 300. ஒரு கிலோ கொழுப்புத் திசுவுக்கு 7,700 கலோரி என்று வைத்தால் வாரம் 270 கிராம்தான் போகும். உடலில் தண்ணீர் ஒரே நாளில் ஒரு கிலோ கூடிக் குறையும். கல்யாண வீட்டுச் சாப்பாடு, அப்பளம், ஊறுகாய், புதிதாகச் செய்த உடற்பயிற்சியின் வலி, மாதவிலக்குக்கு முந்தைய வாரம் என எதுவும் மூன்று வாரத்து இறக்கத்தை மறைத்துவிடும்.

இதோடு பதிவுப் பிழை சேர்ந்தால் கதை முடிந்தது. ஆரம்பத்தில் தாளிப்புக்கு எண்ணெயை அளந்து ஊற்றியவர் ஆறாம் மாதம் கண்ணளவில் ஊற்றுகிறார். ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் 120 கலோரி. எழுதாமல் விட்ட ஒரு டீ, பாலும் சர்க்கரையுமாக 100-ஐ நெருங்கும். பற்றாக்குறை 800 இருந்தபோது இந்த 150, 200 தெரியவே தெரியாது. 300 ஆன பிறகு அது பாதிக்கு மேல் தின்றுவிடும். 1992-இல் நியூயார்க்கில் ஒரு குழு, 1,200-க்கும் குறைவாகச் சாப்பிட்டும் எடை குறையவில்லை என்றவர்களைத் துல்லியமான ஐசோடோப்பு நீர் முறையில் அளந்தது. அவர்களுடைய செலவு எதிர்பார்த்த அளவிலேயே இருந்தது. உண்மையில் சாப்பிட்டதில் சராசரியாக 47 சதவீதம் நோட்டில் ஏறவில்லை. அவர்கள் பொய் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. நினைவில் வைத்து எழுதும் எவருக்கும் இது நடக்கும்.

உங்கள் உடல் உண்மையில் எவ்வளவு செலவழிக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆய்வகம் வேண்டாம், நான்கு வாரம் போதும். தினமும் காலையில் கழிவறை போய்வந்து, எதுவும் குடிக்காமல் எடை பாருங்கள். முதல் வாரத்தின் ஏழு எண்களுக்குச் சராசரி, நான்கு வாரம் கழித்து வரும் ஐந்தாம் வாரத்தின் ஏழுக்குச் சராசரி. இடையில் சாப்பிட்டதெல்லாம் தராசில், எண்ணெயும் சேர்த்து. அரிசியைப் பச்சையாக நிறுத்தால் பச்சைக்கான கணக்கு: 100 கிராமுக்கு 350 அளவில். வடித்த சோறாக நிறுத்தால் 130 அளவில். இரண்டையும் மாற்றிப் போட்டு ஏமாந்தவர்கள் நிறையப் பேர். பிறகு:

```
செலவு = சராசரி உணவு + (குறைந்த கிலோ × 7700 ÷ நாட்கள்)
```

நம் ஆள் 28 நாளில் சராசரி 1,900 சாப்பிட்டு ஒரு கிலோ குறைந்தார் என்றால், 7,700-ஐ 28-ஆல் வகுக்க 275, செலவு 2,175. மேலே கூட்டிப் பார்த்த 2,200-க்கு வெகு அருகில். இந்த எண் வெறும் கணக்குப்படி வர வேண்டிய மொத்தச் செலவைவிட 100, 200 குறைவாக இருந்தால் அது சாதாரணத் தகவமைப்பு. 500, 600 குறைவாக வந்தால் முதலில் நோட்டைச் சந்தேகியுங்கள், ஒரு வாரம் வெளிச்சாப்பாடு இல்லாமல் மறுபடி அளந்து பாருங்கள். அதன் பிறகும் அப்படியே வந்தால் தைராய்டுப் பரிசோதனை செய்து கொள்ளலாம்.

டயட்டை நிறுத்தி நிறுத்திப் போவது பற்றிக் கேட்பீர்கள். இரண்டு வாரம் டயட், இரண்டு வாரம் எடை மாறாத சாப்பாடு என்று மாற்றி மாற்றி வைத்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று நல்ல பலன் காட்டியது. பின்னர் உடற்பயிற்சி செய்பவர்களிடம் நடந்த ஆய்வில் அந்த அனுகூலம் தெரியவில்லை. இடைவேளையில் ஓய்வுச் செலவு கொஞ்சம் மீளும், திரும்ப டயட்டில் இறங்கியதும் மறுபடி விழும். மெட்டபாலிசத்தைச் சரிசெய்ய என்று இடைவேளை எடுக்க வேண்டியதில்லை. களைப்பும் பசியும் தாங்காமல் நோட்டே கைவிட்டுப் போகும் நிலை வந்தால், எடுங்கள்.

பசியைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். கெவின் ஹால் குழு 2016-இல் வேறொரு கணக்கையும் போட்டது. சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் ஒரு நீரிழிவு மாத்திரை எடுத்தவர்கள், தங்களுக்கே தெரியாமல் நாள்தோறும் கலோரி இழந்துகொண்டிருந்தார்கள். எடை குறையக் குறைய அவர்கள் சாப்பிடுவது எவ்வளவு கூடியது என்று பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு 100 கலோரி அளவுக்குப் பசி ஏறியிருந்தது. செலவுப் பக்கம் கிலோவுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது. வரவுப் பக்கம் 100 கலோரி இழுக்கிறது. நம் 14 கிலோ ஆளுக்கு அது 1,400 கலோரி அளவுக்கான இழுப்பு. அவர் ஏழு மாதமாக 1,900-இல் நிற்கிறார் என்றால், தினமும் அதை எதிர்த்துத்தான் நிற்கிறார்.

இனி அவர் முன் இருப்பது இரண்டு வழி. 78-இலேயே நிற்கலாம் என்றால், 1,900-இலிருந்து வாரத்துக்கு 100 கலோரி வீதம் ஏற்றிக்கொண்டே 2,250 வரை வரலாம். பற்றாக்குறை நின்றதும் செரிமானச் செலவும் ஓய்வுச் செலவில் கொஞ்சமும் திரும்பி வரும். முதல் வாரத்தில் ஒரு கிலோ ஏறும். அது தண்ணீரும் தசையில் சேரும் மாவுச்சத்தும்தான், அதைப் பார்த்துப் பயந்து மறுபடி வெட்டக் கூடாது. இன்னும் இறங்க வேண்டும் என்றால், 1,900-ஐ 1,600 ஆக்குவதற்கு முன் அடிக்கணக்கைப் பழைய 9,000-க்குக் கொண்டுவருவதும் எண்ணெயை மறுபடி அளந்து ஊற்றுவதும் முதல் வேலை. இரண்டும் சேர்ந்து 200 கலோரியை, பசியை அதிகம் கூட்டாமல் மீட்டுத் தரும். வாரத்துக்கு 270 கிராம் என்பது 450-ஐ எட்டும்.